வில்லங்கமுள்ள நாவல்

நாவலை எழுதி முடித்தவர் முகத்தில் ஒரு சாந்தம் குடியிருக்கும். அதைக் கிண்டிலில் ஏற்ற உட்கார்ந்ததும் அந்தச் சாந்தம் காலி செய்துவிடும். நானூறு பக்கத்தைத் தயங்காமல் எழுதியவர், உபதலைப்பு என்று ஒரு பெட்டி எதிரே வந்து நின்றதும் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். தண்ணீர் கேட்பார். ‘இதைக் கட்டாயம் போடணுமா?’ என்பார். வேண்டாம், விருப்பம்தான் என்று சொன்னால் ஏமாற்றமாகப் பார்ப்பார். சொல்ல நிறைய இருப்பவர் அவர்.

நான் திருநெல்வேலியில் டிடிபி கடை வைத்திருப்பவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், ஆய்வேடு பைண்டிங் இவற்றுக்கு நடுவே, 2016 டிசம்பரில் கிண்டில் கடையில் தமிழுக்கும் இடம் கொடுத்த பிறகு, மின்நூல் வேலையும் சேர்ந்துகொண்டது. இதில் ஒரு ஜாதி எழுத்தாளரை நான் நன்றாக அறிவேன். பதிப்பாளர் இல்லாதவர். அதனால் தடுக்க ஆள் இல்லாதவர். அச்சுப் புத்தகத்துக்குப் பின்னட்டையில் நாலு வரி யாரோ எழுதித் தருவார்கள். எந்த அலமாரியில் வைப்பது என்பதைக் கடைக்காரர் பார்த்துக்கொள்வார். இங்கே அந்த இரண்டு வேலையும் எழுதியவர் தலையிலேயே விழுகின்றன. தன் பிள்ளையைத் தானே பெண் பார்க்க வந்தவர்களிடம் அறிமுகப்படுத்தும் தகப்பனாக அவர் மாறிவிடுகிறார். எந்தத் தகப்பன் அளவாகப் பேசியிருக்கிறான்?

இந்த ஜாதிக்கு மாதிரியாக அண்ணாச்சி ஒருவரைக் காட்டலாம். சார்பதிவாளர் அலுவலக வாசலில் நாற்பது வருஷம் பத்திரம் எழுதியவர். ஓய்வு என்று சொல்லிக்கொண்டு நாவல் எழுதினார். பெயர் ‘கீழமடை’. தாமிரபரணிக் கால்வாய் ஒன்றின் மடைத் தண்ணீருக்காக இரண்டு சகோதரர் குடும்பங்கள் 1938இல் தொடங்கி 1992 வரை பேசாமல் இருப்பதுதான் கதை. நான் படித்தேன். உண்மையாகவே நல்ல நாவல். அதுதான் சிக்கல். மோசமான நாவலுக்கு என்ன உபதலைப்பு வைத்தாலும் குடி முழுகாது.

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு முத்திரைத்தாளை எடுத்தார். பழக்க தோஷம். அதில் உபதலைப்பு இருந்தது. அப்படியே தருகிறேன்: ‘தாய்மண்ணின் தவப்புதல்வன் ஒருவன் தன் உதிரத்தால் எழுதிய மூன்று தலைமுறைகளின் கண்ணீரையும் தாமிரபரணித் தண்ணீரையும் சுமந்து வரும் ஒரு மாபெரும் மண்வாசனைக் குடும்பச் சமூகச் சரித்திரக் காவியம் – முதல் பாகம்’.

“ரெண்டாம் பாகம் எழுதியாச்சா அண்ணாச்சி?”

“இது போனாத்தானடே அது வரும்.”

தலைப்பும் உபதலைப்பும் சேர்ந்து 200 எழுத்துக்குள் அடங்க வேண்டும் என்பது கடை விதி. அண்ணாச்சி அதை முன்பே விசாரித்து வைத்திருந்தார். விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். இடைவெளி எல்லாம் சேர்த்து 130. “இன்னும் எழுபது எழுத்துக்கு இடம் இருக்குல்லா, ‘வாசகர் உள்ளம் கவர்ந்த’ன்னு சேர்த்துக்க” என்றார். நான் தட்டச்சிட்டேன். பெட்டி ஏற்க மறுத்தது.

காரணம், நம் கண்ணுக்கு ஓர் எழுத்தாகத் தெரிவது கணினிக்குப் பல நேரம் இரண்டு. ‘கீ’ என்றால் அதற்கு ஒரு ககரம், அதன்மேல் ஒரு நெடில் குறி. ‘ண்’ என்றால் ணகரம் ஒன்று, புள்ளி ஒன்று. ‘கீழமடை’ அண்ணாச்சிக்கு நாலு எழுத்து, கணினிக்கு ஆறு. அந்தக் கணக்கில் வாசகர் உள்ளம் கவராமலேயே அவருடைய காவியம் 203 ஆகியிருந்தது. தமிழுக்கு 200 என்றால் கையில் கிடைப்பது ஏறக்குறைய 130தான் என்று நான் சொன்னதும், புள்ளிக்குமா கணக்கு, கல்வெட்டில் புள்ளியே வைக்க மாட்டார்களே என்று நியாயம் கேட்டார். கல்வெட்டைக் கிண்டிலில் ஏற்றுவதாக இருந்தால் அது பயன்படும்.

எழுத்துக் கணக்கு போகட்டும். அந்த உபதலைப்பு யாருக்காக எழுதப்பட்டது என்பதுதான் கேள்வி. ‘தவப்புதல்வன்’ என்பது, இவர் உருப்பட மாட்டார் என்று ஒரு காலத்தில் சொன்ன பெரியப்பாவுக்குப் பதில். ‘காவியம்’ என்பது இவருடைய சிறுகதையைத் திருப்பி அனுப்பிய ஏதோ ஒரு பத்திரிகைக்கு. ‘உதிரம்’ என்பது, ராத்திரியில் விளக்கை எரித்துக் கரண்ட் பில் ஏற்றியதாகச் சொன்ன மனைவிக்கு. இவர்களில் ஒருவரும் கிண்டிலில் புத்தகம் வாங்கப் போவதில்லை. வாங்கப் போகிறவர் யாரோ ஓசூரில் பஸ்ஸுக்கு நிற்கிறவர். செல்போன் திரையில் அட்டைப்படம் ஒரு தபால்தலை அளவுக்குத் தெரியும். ‘கீழமடை’ என்றால் ஊர்ப் பெயரா, விவசாயக் கையேடா என்று அவருக்குத் தெரியாது. உபதலைப்பு செய்ய வேண்டியது அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் ஒரே வேலையைத்தான்.

அண்ணாச்சி சும்மா இருக்கவில்லை. முன்னோர் வழக்கத்தைச் சாட்சிக்கு அழைத்தார். ராஜமய்யர் 1893இல் விவேக சிந்தாமணியில் தொடராக எழுதியபோது ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்றுதானே பெயர் வைத்தார்? வடுவூரார் ‘கும்பகோணம் வக்கீல் அல்லது திகம்பர சாமியார்’ என்று வைக்கவில்லையா? வாஸ்தவம். ஆனால் அந்த ‘அல்லது’ ஒவ்வொன்றும் வாசகனுக்கு ஒரு செய்தி சொல்கிறது. ஒரு பக்கம் அவதூறு இருக்கிறது, மறுபக்கம் ஒரு பெண்ணின் கதை இருக்கிறது. ஒரு பக்கம் வக்கீல், மறுபக்கம் ஒரு விசித்திரச் சாமியார். இரண்டிலும் ஆசிரியரின் உதிரம் கிடையாது.

கடைசியில் ‘தாமிரபரணிக் கரைக் குடும்ப நாவல்’ என்று முடிந்தது. இடம், வகை, அவ்வளவுதான். ‘முதல் பாகம்’ போனது. இரண்டாம் பாகம் இல்லாத முதல் பாகத்தை வாங்கி நடுவழியில் நிற்க யாருக்கும் மனம் வராது. அப்படி ஒன்று எழுதினால் வரிசை நூல் என்று சேர்க்கத் தனியே இடம் இருக்கிறது என்று சமாதானம் சொன்னேன். அண்ணாச்சி நாலு சொல்லையும் ஒரு பாகப்பிரிவினைப் பத்திரத்தில் தன் பங்கு குறைந்தவரைப் போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து விவரணை. இதற்கு 4000 எழுத்து வரை இடம் உண்டு என்று தெரியாமலே இருந்திருக்கலாம். மறுநாள் அண்ணாச்சி இரண்டு முத்திரைத்தாளோடு வந்தார். முதல் பத்தி இப்படித் தொடங்கியது: திருநெல்வேலி ஜில்லா, இன்ன வட்டம், இன்ன கிராமத்தில், வடக்கே கால்வாய்க்கும், தெற்கே வண்டிப்பாதைக்கும், கிழக்கே அம்மன் கோயில் திடலுக்கும், மேற்கே சுப்பையா வகையறா நஞ்சைக்கும் உட்பட்ட இடத்தில் நடப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட இந்நாவலானது. நான்கெல்லை சொல்லாமல் அவருக்குக் கை ஓடாது.

இரண்டாம் பத்தியில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் வாழ்த்துரை. மூன்றாவதில், படித்தவர்கள் தவறாமல் ஐந்து நட்சத்திரம் போட வேண்டுகோள். நான்காவதில், பொங்கல் வரை மட்டும் சலுகை விலை. ஐந்தாவதில் அண்ணாச்சியின் செல்போன் எண், காலை ஏழு மணிக்கு மேல் அழைக்கவும். ஆறாவதில், சகோதரர்களுடைய பகைக்குக் காரணமான அந்தப் பத்திரத்தைத் திருத்தியது யார் என்ற ரகசியம், பெயரோடும் உறவுமுறையோடும்.

விவரணைக்குள் என்னென்ன இருக்கக் கூடாது என்று கிண்டில் கடை ஒரு பட்டியல் போட்டிருக்கிறது. மற்றவர் மதிப்புரை கூடாது. நட்சத்திரம் கேட்கக் கூடாது. விலை, சலுகை, காலக்கெடு கூடாது. தொலைபேசி எண், முகவரி கூடாது. கதை முடிச்சை அவிழ்க்கக் கூடாது. அந்தப் பட்டியலை யாராவது முன்கூட்டியே அண்ணாச்சியிடம் காட்டி, வரிசையாக எழுதச் சொல்லியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் இவ்வளவு சுத்தமாக ஒவ்வொன்றையும் மீற ஒரு மனிதனால் முடியாது.

“அப்ப எதைத்தான் எழுத?” என்றார். உண்மையாகவே கேட்டார்.

இங்கே ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். நாவலின் பக்கத்தில் விவரணை முழுசாகத் தெரியாது. முதல் சில வரிகள்தான் தெரியும். மிச்சம், மேலும் படிக்க என்று ஒரு சுட்டிக்குப் பின்னால் மடிந்து கிடக்கும். செல்போனில் இன்னும் குறைவு. அந்தச் சுட்டியைத் தொடுகிறவர் ஏற்கெனவே பாதி மனம் வைத்தவர். ஆகவே 4000 எழுத்தும் முதல் இரண்டு வாக்கியத்தின் தயவில்தான் பிழைக்கின்றன. அண்ணாச்சியின் முதல் இரண்டு வாக்கியத்தில் கிழக்கும் மேற்கும்தான் இருந்தன.

நான் வேறு வழியில் போனேன். “அண்ணாச்சி, ஒரு ஆள் உங்க கிட்ட இடம் வாங்க வாரான். பத்திரத்தைப் பூரா படிப்பானா?”

“எவன் படிக்கான். வில்லங்கம் இருக்கான்னுதான் கேப்பான்.”

“கீழமடையில என்ன வில்லங்கம்?”

அவர் யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷத் தொழில். “முப்பத்தெட்டுல எழுதுன பாகப் பத்திரத்துல கீழமடைன்னு இருக்க வேண்டிய இடத்துல மேலமடைன்னு இருக்கு. அன்னையிலேருந்து தண்ணி பூரா அண்ணன் வயலுக்குப் போவுது, தம்பி வயலு காயுது. எழுதுனவன் கை தவறிச்சா, இல்ல எவனும் காசு கொடுத்தானான்னு ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆளு வாயத் தொறக்க மாட்டான்.”

தட்டச்சு செய்துகொண்டே இருந்தேன். பேச்சு வழக்கைக் கொஞ்சம் மாற்றியதும் அதுவே விவரணை ஆனது. தம்பியின் பேத்தி சட்டம் படிக்கப் போய் அந்தப் பழைய பத்திரத்தின் நகலைக் கேட்டு மனு போடுகிறாள் என்பதோடு நிறுத்தினோம். யார் திருத்தினார்கள் என்று சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு மட்டும் உள்ளுக்குள் ஒரு உறுத்தல் இருந்தது. வில்லங்கத்தை முதல் வரியிலேயே போட்டு ஒரு சொத்தை விற்பது அவர் அனுபவத்தில் இல்லாத வியாபாரம். நாவலுக்கு அதுதான் விலை என்பதை அவர் நம்ப இன்னும் ஒரு டீ தேவைப்பட்டது.

தேடுசொல் பெட்டிகள் ஏழு. அண்ணாச்சி ஏழிலும் ‘கல்கி மாதிரி’, ‘ஜானகிராமன் நடை’, ‘சுஜாதா விறுவிறுப்பு’ என்று போடச் சொன்னார். மற்ற எழுத்தாளர் பெயரைத் தேடுசொல்லாகப் போடக் கூடாது என்றதும், அவர்கள் கோபித்துக்கொள்ளவா போகிறார்கள் என்றார். தலைப்பிலும் உபதலைப்பிலும் உள்ளதை மறுபடி இங்கே எழுதுவதும் வீண். அவை தேடலில் ஏற்கெனவே சேர்ந்தவை. அதைவிட முக்கியம், தமிழ் வாசகர் பலர் தமிழ் நாவலை ஆங்கில எழுத்தில்தான் தேடுகிறார்கள். அந்த ழகரத்தை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக அடிப்பார். ஆகவே ஒரு பெட்டியில் Keezhamadai Keelamadai Kilamadai என்று மூன்றையும் போட்டோம். எழுத்துப்பிழைகளைத் தேடுசொல்லாகப் போடாதே என்று சொல்லும் அதே விதி, ஒலிபெயர்ப்பில் பல வடிவம் உள்ள சொற்களுக்கு விலக்கு கொடுக்கிறது. விதி உதாரணமாகக் காட்டுவது மாவோவின் பெயர்; பலன் அனுபவித்தது எங்கள் மடை. இன்னொரு பெட்டியில் ‘நெல்லை வட்டார நாவல்’. அதற்குக் காரணம் அடுத்து வருகிறது.

அடுத்தது வகை. அண்ணாச்சியின் சுயரூபம் தெரிந்தது இங்கேதான்.

2023க்கு முன்னால் இரண்டு வகை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு, கூடுதலாக வேண்டுமென்றால் கடிதம் எழுதிக் கேட்கலாம். இப்போது நேரடியாக மூன்று, அதோடு சரி. கடையின் வகைமரம் ஆங்கில வாசகரை நினைத்து வளர்த்த மரம். நம்மவர் நாவலைப் பிரிப்பது வேறு மாதிரி: சமூக நாவல், குடும்ப நாவல், சரித்திர நாவல், துப்பறியும் நாவல், வட்டார நாவல். வட்டார நாவலுக்கு அந்த மரத்தில் கிளையே இல்லை. அதனால்தான் அது தேடுசொல் பெட்டிக்குப் போனது. சரித்திரத்துக்குக் கிளை இருக்கிறது. ஆனால் 1938இல் தொடங்கும் கதையை ‘ஹிஸ்டாரிக்கல் ஃபிக்‌ஷன்’ என்று போட்டால் ஆங்கில நாவலுக்குச் சரி. தமிழில் அந்த அலமாரிக்கு வருகிறவர் வந்தியத்தேவனின் குதிரைச் சத்தம் கேட்கும் ஆசையில் வருகிறவர். அவரிடம் மாட்டுவண்டியைக் காட்டினால் என்ன ஆகும்?

அண்ணாச்சிக்கு மூன்றும் போதாது. இலக்கியம் வேண்டும். சரித்திரம் வேண்டும். எல்லாம் உண்மையில் நடந்தது என்பதால் வாழ்க்கை வரலாறும் வேண்டும். “கற்பனைன்னு மொதல் விவரணையில நீங்கதான எழுதியிருந்தீங்க” என்றேன். “அது கேஸ் வந்துரக் கூடாதுன்னு போட்டது” என்றார். கடைசியில் இலக்கியப் புனைவு, குடும்ப வாழ்க்கை இரண்டும் முடிவாயின. மூன்றாவதை யோசித்துச் சொல்கிறேன் என்று போனவர், ராத்திரி போன் செய்தார்.

அவருக்கு ஒரு சிநேகிதர் சூட்சுமம் சொல்லிக் கொடுத்திருந்தார். விற்பனைத் தரவரிசை வகைக்கு வகை தனி. கூட்டமான வகையில் ஆயிரம் பேரோடு ஓட வேண்டும். ஆள் இல்லாத வகையில் நின்றால் ரெண்டு பிரதி விற்றாலே முதலிடம். அண்ணாச்சி உட்கார்ந்து மரத்தின் கிளை கிளையாகத் தாவி, இந்தியக் கடையில் தமிழ் நாவல் எதுவும் எட்டிப் பார்க்காத ஒரு கிளையைக் கண்டுபிடித்திருந்தார். கடல் சாகசம்.

“நாவல்ல கடல் எங்க வருது அண்ணாச்சி?”

“ஏழாவது அத்தியாயத்துல பெரியவரு தூத்துக்குடியிலேருந்து தோணியில கொழும்புக்குப் போறாருல்லா.”

போகிறார். ஒன்றரைப் பக்கம். அதிலும் ஒரு பக்கம் வாந்தி.

நான் எடுத்துச் சொன்னேன். அண்ணாச்சி கேட்கவில்லை. சொத்து அவருடையது, எழுதிக்கொடுப்பது மட்டும் என் வேலை. மூன்றாவது வகையாகக் கடல் சாகசம் ஏறியது. புத்தகம் வெளியானது. சென்னையில் இருக்கும் மகன் ஒன்று, கோயம்புத்தூர் மருமகன் ஒன்று, நான் ஒன்று. அடுத்த நாள் காலை வகைப் பட்டியலில் கீழமடை முதல் இடத்தில் இருந்தது. அந்தத் திரையைப் படம் பிடித்து அண்ணாச்சி குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். தெருக் குழுவில் போட்டார். பத்திர எழுத்தர் சங்கக் குழுவில் போட்டார். டீக்கடையில் கேட்டவர்களிடம் ‘உலக அளவுல’ என்று சொன்னதாகவும் தகவல். தரவரிசை அடிக்கடி மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் மத்தியானமே இறங்கிவிட்டது. ஆனால் படம் இறங்காது அல்லவா?

நோய் இரண்டு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. கிண்டில் அன்லிமிடெட்டில் நூலைச் சேர்த்தவருக்கு, ஒவ்வொரு நாளும் மொத்தம் எத்தனை பக்கம் படிக்கப்பட்டது என்று அறிக்கை வரும். யார் படித்தார்கள் என்று வராது. ஒரு நாள் பதினொன்று. ஒரு நாள் ஒன்பது. நடுவில் பூஜ்யங்கள். நானூறு பக்க நாவலுக்கு இது என்ன கணக்கு என்று அண்ணாச்சி குழம்பினார். கணக்கு எளிது. யாரோ எடுக்கிறார்கள், முதல் அத்தியாயத்தில் வரப்பைத் தாண்டுவதற்குள் வைத்துவிடுகிறார்கள். எடுத்தவர் தவறான ஆள் என்பதற்கு இதைவிட வேறு அடையாளம் கிடையாது. நாவல் பிடிக்காமல் போனவர் பாதியிலாவது நிறுத்துவார். வேறு எதையோ தேடி வந்தவர்தான் வாசலிலேயே திரும்புவார்.

சாட்சியும் வந்தது. ஒற்றை நட்சத்திர விமர்சனம், ஒரே வரி: கடலே வரவில்லை, வாய்க்கால்தான் வருகிறது.

அண்ணாச்சி கொந்தளித்தார். ஏழாவது அத்தியாயம் வரை படிக்கச் சொல்லி அந்த ஆளுக்கு வக்கீல் நோட்டீஸ் விடலாமா என்று கேட்டார். விடலாம், ஆனால் முகவரி தெரியாதே என்றேன். நல்லவேளையாக வகையையும் தேடுசொல்லையும் விவரணையையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். கடையில் அது தெரிய 72 மணி நேரம் வரை ஆகலாம், அவ்வளவுதான். கடலைத் தூக்கிவிட்டு, பத்திர ரகசியம் இருப்பதால் மர்மக் கதையாகப் போடலாமா என்று கொஞ்சம் விவாதித்தோம். பிணம் இல்லாத மர்மத்துக்கு அங்கே மரியாதை கிடைக்காது என்று அதையும் விட்டோம். கிராம வாழ்க்கைப் புனைவு என்று ஒரு கிளை இருந்தது. அதில் உட்கார வைத்தோம். முதலிடம் போனது. அந்த மாதக் கடைசியில் பக்கக் கணக்கில் ஒரே நாளில் 380 என்று வந்தது. யாரோ ஒருவர் ஒரே மூச்சில் பேத்தியின் மனு வரை போய்விட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன்.

அண்ணாச்சி அதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளவில்லை. மேசைமேல் புதிதாக ஒரு கட்டு முத்திரைத்தாள் இருந்தது.

“ரெண்டாம் பாகம் பாதி முடிஞ்சுட்டுடே.”

“நல்லது அண்ணாச்சி. பேத்தி கேஸ் ஜெயிக்காளா?”

“கேஸ் கெடக்கட்டும். பெரியவரு தோணி நடுக்கடல்ல பாய்மரம் ஒடிஞ்சு நிக்குது. இருநூறு பக்கத்துக்குக் கரையே கிடையாது. அந்த வகையில எடம் இன்னும் காலியாத்தான இருக்கு?”